தட்டில் கலந்து கிடக்கும் சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி: முதுகில் தொடங்கிப் பிரிக்கும் முறை

மீன் தட்டில் நான்கும் கலந்து கிடக்கும்போது பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை. அதைத்தான் கடைசியில் பார்க்க வேண்டும். இந்த நான்கு கூட்டமும் கடலின் மேல்மட்டத்தில் திரியும் மீன்கள். முதுகு நீலமோ பச்சையோ கலந்த கருமையாக இருக்கும், வயிறு வெள்ளியாக இருக்கும். ஐஸில் சில மணி நேரம் கிடந்தால் நீலம் மங்கி எல்லாமே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். மத்திக்கும் நெத்திலிக்கும் செதில்கள் தொட்டாலே உதிரும், ஆகவே வலையிலிருந்து தட்டுக்கு வருவதற்குள் பாதி உடம்பு மொட்டையாகிவிடும். புள்ளி, கோடு, பளபளப்பு எதையும் நம்பி முடிவு சொல்ல முடியாத நிலை அது.

போகாமல் நிற்பவை எலும்போடு சேர்ந்த அடையாளங்கள்: துடுப்புகள், வால் காம்பில் இருக்கும் வரப்புகள், வயிற்றிலோ பக்கத்திலோ வரிசையாக நிற்கும் முட்செதில்கள். சாதாரணச் செதில் உதிர்ந்த பிறகும் முட்செதில் உதிராது, காரணம் அது தோலோடு இறுகிய தடித்த தகடு. அதனால் கண்ணைவிட விரல்நுனியை அதிகம் நம்பும் ஒரு வரிசையை இங்கே சொல்கிறேன். முதுகுத் துடுப்பில் தொடங்கி, வாலைத் தொட்டு, பக்கவாட்டைத் தடவி, வாயைப் பார்த்து, வயிற்றில் முடிப்பது அந்த வரிசை.

கையில் எடுப்பதற்கு முன்

வேண்டியது அதிகமில்லை. ஒரு அடிஸ்கேல், ஒரு பல்குச்சி, நல்ல வெளிச்சம், ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர். மீனை முதலில் தண்ணீரில் அலசிச் சளியை நீக்கிவிடுங்கள். சளி படிந்திருந்தால் சின்ன முட்செதில்கள் விரலுக்குத் தட்டுப்படாது.

மீனின் தலை உங்கள் இடப்பக்கம், வால் வலப்பக்கம் என்று ஒரே மாதிரி வைத்துப் பழகுங்கள். ஒன்றுக்கொன்று ஒப்பிடும்போது கண் குழம்பாது. விரலைத் தலையிலிருந்து வாலுக்கு இழுத்தால் எல்லா மீனும் வழவழப்பாகவே இருக்கும். முட்செதில்களின் நுனி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், வாலிலிருந்து தலைப்பக்கம் இழுத்தால்தான் அவை விரலைப் பிடிக்கும். அழுத்தாமல் இழுங்கள், குத்தும்.

நடுவில் அடிக்கடி ஐஸுக்குத் திருப்பி வையுங்கள். இந்த நான்கு கூட்டத்தின் தசையிலும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. மீன் சூடானால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும், பிறகு எவ்வளவு சமைத்தாலும் அது போகாது. பிரித்த பிறகு சமைக்கப்போகிற மீன் என்றால் வெளியே பரப்பி வைத்து நிதானமாக ஆராய்வது சரியில்லை.

முதல் படி: முதுகில் எத்தனை துடுப்பு

இந்த ஒரு கேள்வி தட்டை இரண்டாகப் பிரித்துவிடும். சூரைக்கும் கானாங்கெளுத்திக்கும் முதுகில் இரண்டு துடுப்புகள் உண்டு. முன்னது முள் கொண்டது, பின்னது மென்மையானது. மத்திக்கும் நெத்திலிக்கும் ஒன்றே ஒன்று, அதுவும் நடுமுதுகை ஒட்டிச் சிறியதாக, முள்ளே இல்லாமல் இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சூரை, கானாங்கெளுத்தி இரண்டிலும் முன் துடுப்பு முதுகில் உள்ள ஒரு பள்ளத்துக்குள் மடங்கிப் படுத்துக்கொள்ளும். வேகமாக நீந்தும்போது தண்ணீரின் இழுவையைக் குறைப்பதற்கான அமைப்பு அது. செத்த மீனில் அது முழுக்க மறைந்து, முதுகில் ஒரு கீறல் மட்டும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு ஒரே துடுப்புதான் என்று முடிவு செய்பவர்கள் நிறைய. பல்குச்சியைப் பள்ளத்தின் பின்முனையில் நுழைத்து மெல்ல முன்பக்கமாகத் தூக்குங்கள். துடுப்பு இருந்தால் விசிறி போல எழுந்து நிற்கும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் பின் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் பாருங்கள். சூரையிலும் கானாங்கெளுத்தியிலும் அங்கே மேலும் கீழும் தனித்தனியான குறுந்துடுப்புகள் வரிசையாக நிற்கும். மத்தியிலும் நெத்திலியிலும் அந்த இடம் வெறுமையாக இருக்கும். குறுந்துடுப்புகள் கிழிந்திருந்தாலும் அவற்றின் அடித்தண்டுகள் சிறு முனைகளாக மிஞ்சியிருக்கும், விரலுக்குத் தெரியும்.

இரண்டாம் படி: வால் காம்பில் எத்தனை வரப்பு

இப்போது இரண்டு முதுகுத் துடுப்பும் குறுந்துடுப்பும் உள்ளவற்றை மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பீர்கள். பெரிய சூரையை யாரும் கானாங்கெளுத்தி என்று சொல்லப்போவதில்லை. பிரச்சினை 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை உள்ள குட்டிச் சூரையிலும், அந்த அளவிலேயே நின்றுவிடும் சிறிய சூரை இனங்களிலும்தான் வருகிறது. அவை கானாங்கெளுத்தியோடு ஒரே வலையில் சிக்கி ஒரே தட்டுக்கு வருகின்றன.

மீனின் வாலைக் கவையோடு சேர்த்துப் பிடித்து, வால் காம்பை வெளிச்சத்துக்கு நேரே பக்கவாட்டில் காட்டுங்கள். உடம்பு ஒடுங்கி, வால் விரியத் தொடங்கும் இடம் அது. கானாங்கெளுத்தியில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிறிய வரப்புகள் இருக்கும். ஒன்று வாலின் மேல்மடலின் அடியில், மற்றொன்று கீழ்மடலின் அடியில், சற்றுச் சாய்வாக. இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. கட்டைவிரலால் காம்பின் நடுவை மேலிருந்து கீழாக வருடினால் சமதளமாக இருக்கும்.

சூரையில் அதே இரண்டு சிறு வரப்புகள் இருக்கும். கூடவே அவற்றுக்கு முன்னால், காம்பின் சரியான நடுவில், நீளமான மூன்றாவது வரப்பு ஒன்று எழுந்து நிற்கும். அதைத் தொட்டால் கெட்டியாக இருக்கும். அதன் காரணமாகச் சூரையின் வால் காம்பு உயரத்தைவிட அகலமாகத் தெரியும், மேலிருந்து பார்த்தால் இரு பக்கமும் தள்ளிக்கொண்டு நிற்கும். சூரை உடம்பை வளைத்து நீந்துவதில்லை, உடம்பை விறைப்பாக வைத்து வாலை மட்டும் இரு பக்கமும் வீசுகிறது. காம்பு பக்கவாட்டில் தண்ணீரை அறுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதால்தான் இந்த வரப்பு அங்கே இருக்கிறது. குட்டிச் சூரையிலும் இது தெளிவாக உண்டு. இந்த ஒரு அடையாளத்தை மட்டும் கற்றுக்கொண்டாலே போதும் என்று சொல்லும் அளவுக்கு நான் இதை நம்புகிறேன்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. வஞ்சிரத்துக்கும் நடு வரப்பு இருக்கிறது. ஆனால் வஞ்சிரத்தின் உடம்பு பக்கவாட்டில் தட்டையானது, வாயைத் திறந்தால் வலுவான, கூரிய பற்கள் தெரியும். சூரையின் உடம்பு குறுக்கு வெட்டில் கிட்டத்தட்ட வட்டமாக இருக்கும், பற்கள் சிறியவை.

வாலுக்கு அடுத்தபடியாகக் குறுந்துடுப்புகளை எண்ணலாம். நம் பக்கத்துக் கானாங்கெளுத்தியான ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்ட்டாவில் மேலே 5, கீழே 5 என்பதே வழக்கம். சூரைகளில் மேல்வரிசையில் 7 முதல் 10 வரை இருக்கும். ஒன்றிரண்டு உடைந்திருந்தால் எண்ணிக்கை ஏமாற்றும், ஆகவே இதை வரப்புக்குத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சாட்சி தோல். கானாங்கெளுத்திக்கு உடம்பு முழுக்கச் சிறு செதில்கள் உண்டு. சிறிய சூரை இனங்கள் பலவற்றில் செதில் தோள்பகுதியில் மட்டும் ஒரு கவசம் மாதிரி தடித்துப் படர்ந்திருக்கும், அங்கிருந்து, உடம்பின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோட்டை ஒட்டி ஒரு பட்டையாகப் பின்னால் நீளும், மிச்ச உடம்பு மொட்டை. நகத்தால் மார்புத் துடுப்புக்கு மேலே ஒரு முறையும், வாலுக்குப் பக்கத்தில் ஒரு முறையும் பின்னிருந்து முன்னாகச் சுரண்டிப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும். மஞ்சள்துடுப்புச் சூரை போன்ற பெரிய இனங்களுக்கு உடம்பு முழுக்கவும் செதில் உண்டு, அவற்றில் இந்தச் சோதனை அவ்வளவு கைகொடுக்காது.

முதுகுத் துடுப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துச் சூரையா கானாங்கெளுத்தியா என்று சொல்லிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரிப்படாது. ஆக்சிஸ் என்ற சிறு சூரையில் இடைவெளி பெரியது, யூதின்னஸ் என்ற சூரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டியிருக்கும். ஸ்காம்பர் வகைக் கானாங்கெளுத்தியிலும் இடைவெளி பெரியது. சூரை என்று வரப்பை வைத்து உறுதி செய்த பிறகு, எந்தச் சூரை என்று கண்டுபிடிக்கத்தான் இந்த இடைவெளி உதவும்.

மூன்றாம் படி: பக்கவாட்டில் முட்செதில் இருந்தால் அது இந்த நான்கிலும் சேராது

தட்டில் அதிகம் ஏமாற்றுவது இந்த நான்கில் எதுவும் இல்லை. ஐந்தாவதாக வந்து கலந்த பாறைக் குடும்பத்து மீன்தான். கதிர் போன்ற அதே உடம்பு, கவை விழுந்த அதே வால், அதே நீலச் சாம்பல் முதுகு. சில இனங்களுக்குக் குறுந்துடுப்பும் இருக்கும். அவற்றை விலக்காமல் நான்கைப் பிரித்தோம் என்று சொல்ல முடியாது.

சோதனை எளிது. வால் காம்பின் பக்கவாட்டில், பக்கக்கோடு நேராக ஓடும் இடத்தில், விரல்நுனியை வாலிலிருந்து தலைப்பக்கமாக மெல்ல இழுங்கள். பாறைக் குடும்பத்து மீன்கள் பலவற்றில் அந்தக் கோட்டின் மீது முட்செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ரம்பத்தின் பற்களைப் போல நிற்கும், விரல் நகராது. சூரையிலும் கானாங்கெளுத்தியிலும் பக்கவாட்டில் முட்செதில் கிடையவே கிடையாது.

சூரையின் நடு வரப்பையும் இந்த முட்செதில் வரிசையையும் குழப்பிக்கொள்வது எளிது. இரண்டும் ஒரே இடத்தில், வால் காம்பின் நடுப்பக்கத்தில், தள்ளிக்கொண்டு நிற்கின்றன. வேறுபாடு இதுதான்: சூரையின் வரப்பு ஒரே துண்டு, தோலால் மூடியது, எந்தத் திசையில் தடவினாலும் வழுக்கும். முட்செதில் வரிசை தனித்தனித் துண்டுகளால் ஆனது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு முகடும் பின்னால் ஒரு கூர்முனையும் இருக்கும், ஒரு திசையில் வழுக்கி மறுதிசையில் பிடிக்கும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்தால் ஒவ்வொரு தகட்டின் விளிம்பும் தனியாக மின்னும்.

உறுதி செய்ய இன்னொரு இடம் இருக்கிறது. பாறைக் குடும்பத்தில் குதத் துடுப்புக்குச் சற்று முன்னால், துடுப்போடு சேராமல், இரண்டு சிறு முட்கள் தனியாக நிற்கும். பல்குச்சியால் மலவாய்க்குப் பின்னால் மெல்ல வருடினால் அவை தட்டுப்படும். பெரிய மீன்களில் அவை தோலுக்குள் புதைந்துவிடலாம், ஆகவே கிடைத்தால் உறுதி, கிடைக்காவிட்டால் முட்செதிலைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

இந்தக் குடும்பத்தில் இரண்டு பேர் மட்டும் முக்கியம். டெகாப்டெரஸ் இனங்கள் கானாங்கெளுத்தி மாதிரியே மெலிந்து நீண்டிருக்கும், ஆனால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஒரே ஒரு குறுந்துடுப்புதான். வங்கடை, அதாவது மெகலாஸ்பிஸ் கோர்டைலா, இன்னும் பெரிய ஏமாற்று. அதற்குக் குறுந்துடுப்புகள் மேலும் கீழும் ஏழுக்குக் குறையாமல் வரிசையாக நிற்கும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் அதைச் சூரைக் கூடையில்தான் போடுவார். பக்கவாட்டைத் தொட்டவர் போட மாட்டார், அதன் முட்செதில்கள் அவ்வளவு பெரியவை.

நான்காம் படி: ஒற்றை முதுகுத் துடுப்பு உள்ளவற்றில் வாயைப் பாருங்கள், பிறகு வயிறு

இனி மிச்சமிருப்பது மத்தியும் நெத்திலியும். அளவை வைத்துப் பிரிக்க முடியும் என்று தோன்றும். வளர்ந்த எண்ணெய் மத்தி 15 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், ஸ்டோலெபோரஸ் வகை நெத்திலி பெரும்பாலும் 10 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். ஆனால் நெத்திலிக் குவியலில் மத்திக் குஞ்சு கலந்து வருவது சகஜம், அதனால் அளவை விடுங்கள்.

வாய்தான் முதல் சாட்சி. நெத்திலிக்கு மூக்கு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும், வாய் அதற்கு அடியில் இருக்கும், மேல்தாடை கண்ணைத் தாண்டி வெகுதூரம் பின்னால் போகும். கீழ்த்தாடையைக் கீழே இழுத்தால் தலையே இரண்டாகப் பிளந்தது மாதிரி திறக்கும். மத்தியின் வாய் முகத்தின் முன்முனையிலேயே இருக்கும், தாடை குட்டையானது, கண்ணுக்கு அடியிலேயே முடிந்துவிடும், திறந்தால் சின்ன வட்டம்தான். இது குஞ்சிலும் பொருந்தும், தலை நசுங்காத வரைக்கும்.

அடுத்தது வயிறு. முட்செதில் இங்கே பக்கத்தில் இல்லை, வயிற்றின் அடிக்கோட்டில் இருக்கிறது. மத்தியில் ஒவ்வொரு முட்செதிலும் நடுக்கோட்டில் மடிந்த ஒரு தகடு. அதன் இரண்டு கைகளும் வயிற்றின் இரு பக்கமும் மேலேறியிருக்கும், நடுவில் பின்னோக்கிய ஒரு முனை. தொண்டைக்கு அடியிலிருந்து வயிற்றுத் துடுப்பைத் தாண்டி மலவாய் வரை அவை விடாமல் தொடரும். சார்டினெல்லா கிப்போசா என்ற மத்தியில் எண்ணினால் மொத்தம் 32 முதல் 34 வரை வரும். அதன் உடம்பு தட்டையானது என்பதால் வயிற்று விளிம்பு விரலை அறுப்பது போலிருக்கும். எண்ணெய் மத்தியின் உடம்போ உருண்டது, அதனால் அதே முட்செதில்கள் இருந்தும் அவ்வளவு உறுத்தாது. வயிறு வழவழப்பாக இருக்கிறதே, இது மத்தி இல்லையோ என்று எண்ணெய் மத்தியைப் பார்த்துத்தான் நிறையப் பேர் தயங்குகிறார்கள். மலவாயிலிருந்து தொண்டைப் பக்கம் நகத்தை நிறுத்தி இழுத்தால் ஒவ்வொரு தகடாகத் தட்டும்.

ஸ்டோலெபோரஸ் நெத்திலியில் கதை வேறு. மார்புத் துடுப்புக்கும் வயிற்றுத் துடுப்புக்கும் நடுவில் மட்டும், ஊசி போலச் சில முட்செதில்கள் இருக்கும், ஒற்றை இலக்கத்தில்தான். வயிற்றுத் துடுப்புக்குப் பின்னால் எதுவும் இல்லை. எங்கிரௌலிஸ் வகை நெத்திலிக்கு வயிற்றில் முட்செதிலே கிடையாது. அதனால் வயிற்றை இரண்டாகப் பிரித்துத் தொட வேண்டும்: வயிற்றுத் துடுப்புக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. பின்பாதியும் ரம்பமாக இருந்தால் அது மத்தியாக இருக்கலாம், பொருவாவாகவும் இருக்கலாம்.

பொருவா, அதாவது திரிஸ்ஸா, நெத்திலிக் குடும்பம்தான். ஆனால் வயிறு முழுக்க மத்தியைப் போல முட்செதில் வரிசை, உடம்பும் தட்டையாக உயர்ந்திருக்கும். வயிற்றை மட்டும் தொட்டு முடிவு செய்தால் இது மத்திக் கூடைக்குப் போய்விடும். இதனால்தான் வாயை முதலில் பார்க்கச் சொன்னேன். தள்ளிய மூக்கும் நீண்ட தாடையும் பொருவாவைக் காட்டிக் கொடுத்துவிடும். குதத் துடுப்பும் அதில் நீளமானது, மத்தியில் குட்டையானது.

எதிர்ப்பக்கமும் ஒரு விலக்கு உண்டு. டுசுமியேரியா என்ற மத்தி உறவினரின் வயிறு உருண்டு வழவழப்பாக இருக்கும், வயிற்றுத் துடுப்பின் அடியில் ஒரே ஒரு தகடுதான். வாய் முகத்தின் முனையில் இருந்து, வயிறும் வழுக்கினால் அது இதுவாக இருக்கலாம், நெத்திலி அல்ல.

சார்டினெல்லா இனம்தானா என்று உறுதி செய்ய எனக்குப் பிடித்த இடம் செவுள் மூடிக்கு அடியில் இருக்கிறது. மூடியை முன்பக்கமாகத் தூக்கி, செவுள் திறப்பின் பின்விளிம்பைப் பாருங்கள். அந்தச் செங்குத்தான விளிம்பில் இரண்டு சிறு சதை மொட்டுகள் தள்ளிக்கொண்டு நிற்கும். செதில் உதிர்ந்து, நிறம் போய், வயிறு கிழிந்த மீனிலும் அவை பத்திரமாக இருக்கும்.

ஒரு தட்டை முழுக்கப் பிரித்துப் பார்ப்போம்

தட்டில் நான்கு நடுத்தர மீன்களும் ஒரு கைப்பிடி பொடி மீன்களும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே மங்கிய சாம்பல் நிறம்.

முதல் மீன், மூக்கு நுனியிலிருந்து வால் கவையின் பள்ளம் வரை 24 சென்டிமீட்டர். பல்குச்சியில் முன் துடுப்பு எழுந்தது. குறுந்துடுப்பு மேலே 5, கீழே 5. காம்பில் இரண்டு சிறு வரப்புகள், நடு சமம். பக்கத்தில் முட்செதில் இல்லை. கானாங்கெளுத்தி. எந்தக் கானாங்கெளுத்தி? செவுள் மூடியின் பின்விளிம்புக்கு நேரே உடம்பின் உயரம் 5 சென்டிமீட்டர். 24-ஐ 5-ஆல் வகுத்தால் 4.8. கனகுர்ட்டாவில் இந்த விகிதம் 4.3 முதல் 5.2 வரை வரும். அதன் உறவான, குட்டையாக உயர்ந்த உடம்புள்ள ராஸ்ட்ரெல்லிகர் பிராக்கிசோமாவில் 3.7 முதல் 4.3 வரைதான். வாயைத் திறந்தால் இறகு போன்ற நீளமான செவுள் முட்கள் உள்ளே தெரிகின்றன, அதுவும் கனகுர்ட்டாவுக்கு ஒத்துப்போகிறது.

இரண்டாவது மீன் 27 சென்டிமீட்டர், முதல் மீனைவிட உருண்டது. இரண்டு முதுகுத் துடுப்புகளுக்கு நடுவில், முன் துடுப்பின் அடிநீளத்துக்குக் குறையாத இடைவெளி. குறுந்துடுப்பு மேலே 8. காம்பின் நடுவில் வழுக்கும் ஒரு வரப்பு. தோள்பகுதியைத் தவிர மற்ற இடம் மொட்டை. சூரை, அதிலும் ஆக்சிஸ். இரண்டு ஆக்சிஸ் இனங்களைப் பிரிக்க, தோள் கவசம் பின்னால் ஒடுங்கி, இரண்டாம் முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்துக்கு நேர்கீழே எத்தனை செதில் அகலம் இருக்கிறது என்று எண்ண வேண்டும். இதில் 3 செதில்தான். 5 வரை இருந்தால் ஆக்சிஸ் தசார்ட், 6-ஐத் தாண்டினால் ஆக்சிஸ் ரோச்சி.

மூன்றாவது 26 சென்டிமீட்டர். குறுந்துடுப்பு மேலே 8, கிட்டத்தட்ட இரண்டாவது மீனைப் போலவே. காம்பின் நடுவிலும் ஏதோ தள்ளிக்கொண்டு நிற்கிறது. விரலைத் தலைப்பக்கம் இழுத்தால் நகரவில்லை. மலவாய்க்குப் பின்னால் தனியாக இரண்டு முள். மார்புத் துடுப்பு நீண்டு அரிவாளாக வளைந்திருக்கிறது, செவுள் மூடியில் கருப்புப் புள்ளி. வங்கடை. தட்டிலிருந்து விலக்க வேண்டியது.

நான்காவது 17 சென்டிமீட்டர், ஒற்றை முதுகுத் துடுப்பு, குறுந்துடுப்பு இல்லை, வாய் முனையில், வயிறு முழுக்க நகத்தில் தட்டும் தகடுகள், செவுள் திறப்பில் இரண்டு சதை மொட்டுகள். சார்டினெல்லா. உடம்பு உருண்டு, தலை உடம்பின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது, ஆகவே எண்ணெய் மத்தி.

பொடி மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு மூக்கு தள்ளியிருக்கிறது, வயிற்றின் முன்பாதியில் மட்டும் ஊசிகள். குதத் துடுப்பு, முதுகுத் துடுப்பின் அடிக்கு நேர்கீழேயே தொடங்குகிறது. ஸ்டோலெபோரஸ். குதத் துடுப்பு முதுகுத் துடுப்பு முடிந்த பிறகு தொடங்கியிருந்தால் அதன் உறவான என்க்ராசிகோலினா. நடுவில் ஒன்றுக்கு வாய் முனையில் இருக்கிறது, மத்திக் குஞ்சு. இன்னொன்றுக்கு மூக்கும் தள்ளியிருக்கிறது, வயிறும் கடைசிவரை ரம்பமாக இருக்கிறது, பொருவாக் குஞ்சு.

எங்கே தவறும்

குடல் எடுக்கப்பட்ட மீனில் வயிற்றுச் சோதனை பாதி போய்விடும். வெட்டு நடுக்கோட்டிலேயே போயிருந்தால் முட்செதில்கள் இரண்டாகப் பிளந்து, ஓரம் வெறும் கிழிசலாகத் தெரியும். அப்போது மலவாய்க்கு அருகில் வெட்டுப்படாத மிச்சத்தில் தேடுங்கள், அங்கேயும் இல்லையென்றால் வாயையும் செவுள் திறப்பையும் வைத்து முடியுங்கள்.

உறைந்து இறுகிய மீனில் காம்பின் தோல் சுருங்கிக் கானாங்கெளுத்தியிலும் நடுவில் ஒரு மடிப்பு எழலாம். அது வரப்பு போலத் தோன்றும். முழுக்க உருகவிட்டு, வாலை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். தோல் மடிப்பு வளைக்கும்போது மறையும், சூரையின் வரப்பு அப்படியே நிற்கும்.

தலையும் வாலும் இல்லாமல் துண்டாக்கிய மீனில் இந்த முறை செல்லாது. தசையின் கருஞ்சிவப்பு நிறத்தை வைத்துச் சூரை என்று ஊகிக்கலாம், உறுதியாகச் சொல்ல மரபணுச் சோதனை வேண்டும். கால் மீட்டருக்கும் குறைவான மஞ்சள்துடுப்புச் சூரையையும் பெருங்கண் சூரையையும் வெளித்தோற்றத்தில் பிரிப்பதும் அனுபவசாலிகளுக்கே கடினம். வயிற்றைத் திறக்க அனுமதி இருந்தால் கல்லீரலைப் பாருங்கள்: பெருங்கண் சூரையின் கல்லீரலின் மேல் மெல்லிய இரத்தக்குழாய்க் கோடுகள் வரிவரியாகத் தெரியும், மஞ்சள்துடுப்பின் கல்லீரல் கோடில்லாமல் வழவழப்பாக இருக்கும்.